பச்சை முட்டை, மயோனைஸ், நறுக்கிய காய்: சின்ன ஓட்டல் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் இருபத்து நான்கு பேர் உட்காரும் ஒரு கடை என்னுடையது. பகலில் பிரியாணி, சாயங்காலம் ஷவர்மாவும் பரோட்டாவும். போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் உள்ளே வந்தார். ஷவர்மா அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மயோனைஸ் கிண்ணத்தைக் காட்டி, "இது எத்தனை மணிக்கு அரைச்சது?" என்றார். மாஸ்டர் "மத்தியானம் சார்" என்றார். அதே நொடியில் நான் "சாயங்காலம் சார்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார். அன்றைக்குக் கையில் கிடைத்தது, குறைகளை அவகாசத்துக்குள் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு. அதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே செய்துவிட்டால் செலவு பாதியாகிவிடும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 30(2)(அ)வின் கீழ் வந்த ஆணை அது. தயாரிப்பது, சேமித்து வைப்பது, விற்பது எல்லாமே அதற்குள் அடங்கியிருந்தன. கேரளம் 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் இதே வகைத் தடையைக் கொண்டுவந்தன. இந்தப் பிரிவில் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் தடை போட முடியாது. அதனால் நீங்கள் கடை திறக்கும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று உங்கள் பகுதி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் என்ன நினைக்கிறேன் என்றால், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சை முட்டை மயோனைஸ் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது. காரணத்தை இரண்டாவது படியில் சொல்கிறேன்.

1. முதலில் ஃபிரிட்ஜை அளந்து பாருங்கள்

மற்ற எதற்கும் முன்னால் இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்று ஃபிரிட்ஜுக்குள் நிரந்தரமாக இருப்பது, இன்னொன்று உணவுக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வைத்தது. எனக்கு இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எங்கள் ஃபிரிட்ஜின் திருகுக் குமிழில் 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கும். அது 4இல் இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி இருக்கிறது என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணுக்கும் டிகிரிக்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு குளிர வேண்டும் என்பதற்கான படிதான் அது. வெப்பமானி வைத்து இரவு எட்டு மணிக்குப் பார்த்தபோது 11 டிகிரி காட்டியது. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் அதே ஃபிரிட்ஜில் 4.

ஏன் அப்படி என்று யோசித்தால் புரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூடான சால்னாவைப் பாத்திரத்தோடு உள்ளே தள்ளுவோம். அப்புறம் இரவு பத்து வரை பையன்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறப்பார்கள். வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் ஃபிரிட்ஜ் சூடாகிறது. அதனால் காலையில் அளந்து நிம்மதி அடையாதீர்கள். இரவு எட்டு மணி அளவுதான் உண்மை.

அளக்கும்போது காற்றை அளக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து அதற்குள் வெப்பமானியைப் போடுங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு ஏறிவிடும், உணவின் சூடு அப்படி ஏறாது. டம்ளர் தண்ணீர் உணவைப் போல நடந்துகொள்ளும். அதில் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குளிர் உணவை 5 டிகிரிக்கு மேல் போகாமலும், சூடான உணவை 60க்குக் கீழே இறங்காமலும் வைப்பதுதான் அடிப்படை. இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். கோவை வெயிலில் மதியச் சமையலறை 36, 37 டிகிரி. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நாங்கள் செய்தது: சூடான எதையும் அகலத் தட்டில் பரப்பி ஆற விட்ட பிறகுதான் உள்ளே வைப்பது. மயோனைஸும் நறுக்கிய காயும் வைக்கத் தனியாகப் பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று, 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். அதைத் திறக்கும் உரிமை இரண்டு பேருக்குத்தான். இந்த ஒரு செலவுதான் எனக்கு அதிகம் உதவியது.

2. மயோனைஸ்: எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். சால்மோனெல்லா என்ற கிருமி முட்டை ஓட்டின் மேல் எச்சத்தில் மட்டும் இருப்பதில்லை. சில வேளை கோழியின் உடலுக்குள்ளேயே, ஓடு உருவாகும் முன்பே, கருவுக்குள் போய்விடும். அந்த முட்டை பார்க்க, மோந்து பார்க்க, எல்லா முட்டையும் போலத்தான் இருக்கும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. சமைத்தால் செத்துவிடும், சுமார் 71 டிகிரி போதும். மயோனைஸில் அந்தச் சூடு ஒருபோதும் வருவதில்லை.

"எலுமிச்சை பிழிகிறோமே, புளிப்பு கிருமியைக் கொல்லாதா?" என்று எங்கள் மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். போதிய வினிகர் இருந்தால் கொல்லும், ஆனால் உடனே இல்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. புளிப்பு வேலை செய்வது வெளிச்சூட்டில்தான் வேகம், ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த வேலை மந்தமாகி, கிருமி பிழைத்துக் கிடக்கும். கிருமியைக் கொல்வதில் எலுமிச்சையின் புளிப்பு வினிகரைவிட பலம் குறைந்தது. பழத்துக்குப் பழம் மாறும். ஷவர்மாவுக்கு இனிப்பாக இருக்க வேண்டும் என்று சர்க்கரையைக் கூட்டி, புளிப்பைக் குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளர்தான் அதிகம். இதையெல்லாம் அளந்து செய்வது ஆய்வகத்தில் முடியும், மிக்ஸி ஜாரில் முடியாது.

மஞ்சள் கருவைத் தண்ணீரும் வினிகரும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறி 71 டிகிரிக்குக் கொண்டுவந்து செய்யும் முறையும் இருக்கிறது. சுவை நன்றாகவே வரும். ஆனாலும் கடைக்கு வேண்டாம் என்கிறேன். ஒரு டிகிரி அதிகமானால் திரிந்துவிடும், பையன் அவசரத்தில் 60லேயே இறக்கிவிடுவான். சோதனைக்கு வருகிறவரிடம் "இது வெந்த முட்டை சார்" என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, கம்பெனி பாக்கெட். முட்டை இல்லாததா, பாஸ்டரைஸ் செய்த முட்டை போட்டதா என்று லேபிளில் பாருங்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் வரி எல்லாம் இருக்க வேண்டும். பில்லை வாங்கி ஃபைலில் போடுங்கள். இங்கே ஒரு பொறி: மொத்த வியாபாரிகள் சிலர் லேபிள் இல்லாத பக்கெட்டில், கிலோவுக்கு முப்பது நாற்பது ரூபாய் குறைத்து, மயோனைஸ் கொண்டுவந்து இறக்குவார்கள். நானும் ஒரு மாதம் வாங்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரச்சினை வந்தால் தயாரித்தவர் யாரும் இல்லை, நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்று, பால் மயோனைஸ். நாங்கள் இப்போது செய்வது இதுதான். காய்ச்சி, ஆற வைத்து, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி. வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய் 400 மில்லி. பூண்டு நான்கு பல், உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. பால், பூண்டு, உப்பு, சர்க்கரையை முதலில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, மிக்ஸி ஓடும்போதே எண்ணெயை நூல் போல ஊற்ற வேண்டும். கெட்டியானதும் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. அரை கிலோவுக்கு மேல் தேறும்.

பால் குளிர்ச்சியாக இல்லாவிட்டால் சேராது. எண்ணெயும் பாலும் பிரிந்து மோர் மாதிரி நிற்கும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகியும் இதே கதிதான். விட்டு விட்டு ஓட்டுங்கள். பிரிந்துவிட்டால் அதைக் காப்பாற்றுகிறேன் என்று அரை மணி நேரம் வெளியில் வைத்துப் போராடாதீர்கள். கொட்டிவிட்டு, குளிர்ந்த பாலில் புதிதாகத் தொடங்குங்கள். முட்டை இல்லை என்பதால் இது கெடாது என்றும் நினைக்கக் கூடாது. பாலும் பச்சைப் பூண்டும் இருக்கிறது, கையிலிருந்து போன கிருமியும் இருக்கலாம். அரைத்த அன்றைக்கே முடிக்க வேண்டும், மிச்சம் இரவோடு சாக்கடைக்கு.

செலவைப் பார்த்தால் எங்கள் கணக்கில் பால் மயோனைஸ் கிலோ 130 ரூபாய் சுமாருக்கு வருகிறது. லேபிள் உள்ள பாக்கெட் இதைவிட முப்பது ரூபாய் கூடுதல். ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்குக் குறைவாக ஓடும் கடை என்றால் பாக்கெட்டே வாங்குங்கள். அந்த அறுபது ரூபாய்க்காக ஓர் ஆளின் அரை மணி நேரத்தையும் உங்கள் தூக்கத்தையும் கொடுக்க வேண்டியதில்லை.

3. அடுப்படியில் கிண்ணம் இருக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்

எங்கள் கடையில் உண்மையான குற்றம் இங்கேதான் இருந்தது. நாலு மணிக்கு ஒன்றரை லிட்டர் கிண்ணம் நிறைய மயோனைஸ் வரும். ஷவர்மா சுற்றும் அடுப்புக்கு ஒன்றரை அடி தள்ளி உட்காரும். குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள். இரவு பதினொன்றுக்குக் கிண்ணத்தின் அடியில் இருப்பது நாலு மணி மயோனைஸ்தான். மிச்சம் இருந்தால் மறுநாள் புதியதோடு கலக்கும். மாஸ்டரும் நானும் இரண்டு நேரம் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தக் கிண்ணத்துக்கு உண்மையில் பிறந்த நேரமே கிடையாது.

இப்போது கால் கிலோ பிடிக்கும் சின்ன அமுக்கு பாட்டில் ஆறு வைத்திருக்கிறோம். சாயங்காலமே ஆறையும் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம். வெளியே ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும், அதுவும் ஐஸ் போட்ட தட்டில் நிற்கும். வெளியே எடுக்கும்போது மாஸ்க்கிங் டேப்பில் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும்: "எடுத்தது 6.10". ஒரு மணி நேரத்தில் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அதை எடுத்துவிட்டு அடுத்தது. மீதியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. முதல் வாரம் தினமும் முக்கால் கிலோ வீணானது. அப்புறம் பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பினோம், வீண் 150 கிராமுக்கு இறங்கியது.

பாட்டிலின் மூக்கு ரொட்டியிலோ கறியிலோ படக் கூடாது. இரவில் மூடி, மூக்கு எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசிக் கவிழ்க்க வேண்டும். மூக்குக்குள் காய்ந்த துளி ஒன்று இருந்தாலும் மறுநாள் ஆறு பாட்டிலுக்கும் அது விதை.

பார்சலில் மயோனைஸைத் தனி டப்பாவில் கொடுங்கள். சூடான ஷவர்மாவோடு சுற்றிக் கொடுத்தால் அவர் வீடு போய்ச் சேரும்வரை அது வெதுவெதுப்பில் கிடக்கும். டப்பா மேல் "உடனே சாப்பிடவும், மீதியை வைக்க வேண்டாம்" என்று சின்ன ஸ்டிக்கர். ஆயிரம் ஸ்டிக்கர் 350 ரூபாய்க்கு அச்சடித்தோம்.

4. பச்சை முட்டை: வாங்குவதிலிருந்து கல்லுக்குப் போகும்வரை

மயோனைஸை நிறுத்திவிட்டால் பச்சை முட்டை சமையலறையை விட்டுப் போய்விடாது. ஆஃப்பாயில், கலக்கி, முட்டைக் கொத்து, சில்லி சிக்கன் மாவு என்று அது எங்கும் இருக்கிறது.

முப்பது முட்டை அட்டை வந்து இறங்கும்போதே பாருங்கள். கீறல் விழுந்ததையும் எச்சம் ஒட்டியதையும் திருப்பிக் கொடுங்கள். "உடைசல்" என்று பாதி விலைக்கு விற்கும் முட்டையை ஆம்லெட்டுக்கு வாங்கும் பழக்கம் பல கடையில் உண்டு. அந்தக் கீறல் வழியாக என்ன உள்ளே போயிற்று என்று தெரியாது. வேண்டாம். முட்டையைக் கழுவி அடுக்கவும் வேண்டாம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, மேலே இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுபடும். ஃபிரிட்ஜில் வைத்தால் வைத்தபடியே இருக்கட்டும். வெளியே எடுத்து வியர்க்க விட்டுத் திரும்ப வைக்காதீர்கள். நறுக்கிய காய்க்கு மேல் தட்டில் முட்டை அட்டையை வைக்கவே கூடாது.

பெரிய ஆபத்து மக்கில் உடைத்து வைக்கும் முட்டை. முட்டை ஃபிரைட் ரைஸ் கூட்டம் வரும் முன் அறுபது முட்டையை ஒரே வாளியில் உடைத்து அடித்து வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. அறுபதில் ஒன்றில் கிருமி இருந்தால் அறுபதுக்கும் பரவிவிட்டது. வாளி அடுப்புப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் அது பெருகியும் விட்டது. எங்கள் விதி இப்போது பத்து முட்டைதான் ஒரு தடவைக்கு. ஒவ்வொன்றையும் முதலில் ஒரு டம்ளரில் உடைத்து, பார்த்து, அப்புறம் மக்கில் ஊற்றுவது. ஐஸ் தட்டில் வைத்து ஒரு மணி நேரத்தில் முடிப்பது. தீர்ந்தால் மக்கை மாற்றுவது, அதிலேயே மேலே உடைத்து ஊற்றக் கூடாது. சிக்கன் தோய்க்கும் முட்டை மாவுக்கும் இதே விதிதான்.

கலக்கி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொங்குப் பக்கம் கலக்கி இல்லாமல் பரோட்டாக் கடை நடக்காது. மயோனைஸ் தடை கலக்கிக்கும் ஆஃப்பாயிலுக்கும் பொருந்தாது. ஆனால் உள்ளே வழவழவென்று இருக்கும்வரை அது பாதி பச்சைதான். அதனால் ஆர்டர் வந்த பிறகு புது முட்டையை உடைத்துத்தான் கலக்கி. அடித்து வைத்த மக்கிலிருந்து கலக்கி போடக் கூடாது. தட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும். பார்சல் கலக்கியை நிறுத்திவிட்டோம். முதலில் சண்டை போட்டார்கள், இப்போது பார்சலுக்கு நன்றாக வெந்த ஆம்லெட் கேட்கிறார்கள். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருக்கும் மேசைக்கு, "அக்கா, நல்லா வேக வச்சுத் தரட்டுங்களா?" என்று பையனே கேட்பான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

முட்டை உடைத்த கை அடுத்து எதைத் தொடும் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். நான் பார்த்தேன். முட்டையை உடைத்தான், ஓட்டைப் போட்டான், அதே கையால் வெங்காயத்தை அள்ளித் தட்டில் வைத்தான். பத்து விநாடிதான். முட்டைக்கல் பக்கத்திலேயே சோப்பும் குழாயும் இல்லாவிட்டால் யாரும் கை கழுவ நடந்து போக மாட்டார்கள். குழாய் இழுக்க எங்களுக்கு 1,800 ரூபாய் ஆனது.

5. நறுக்கிய காய்: கழுவுவது எப்படி

முட்டைக்கோஸ், வெள்ளரி, கேரட், வெங்காயம். இவை அடுப்பைப் பார்க்காமல் நேராக வாய்க்குப் போகின்றன. அதனால் கழுவுவதுதான் இவற்றுக்குச் சமையல்.

முட்டைக்கோஸின் வெளி இலை இரண்டு மூன்றை உரித்துப் போட்டு, நாலாகப் பிளந்து, தண்டை வெட்டி எடுத்து, ஓடும் தண்ணீரில் மண் போக முதலில் கழுவுங்கள். மண்ணோடு குளோரின் மருந்துத் தண்ணீரில் போட்டால் மருந்தின் பலம் மண்ணுக்கே போய்விடும். அப்புறம் 50 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம், குளோரின் உள்ள தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். உணவுக்குப் பயன்படுத்தலாம் என்று லேபிளில் போட்ட சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குங்கள். வாசனை சேர்த்த, துணி வெளுக்கும் பாட்டில் வேண்டாம். லேபிளில் 4 சதவீதம் என்று இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 12 மில்லி. 5 சதவீதம் என்றால் 10 மில்லி. கணக்கு இதுதான்: 10 லிட்டருக்கு அரை கிராம் குளோரின் வேண்டும், 4 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 0.04 கிராம் இருக்கிறது. கண் அளவு வேண்டாம், மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அதில் இழுத்து ஊற்றுங்கள்.

பாட்டில் வெயிலில் இருந்தால் மருந்தின் வீரியம் இறங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க குளோரின் சோதனைப் பட்டை கிடைக்கிறது. முக்கினால் நிறம் மாறும், டப்பாவில் உள்ள நிறத்தோடு ஒப்பிடலாம். எங்கள் முதல் பாட்டில் கடை ஜன்னலோரம் இரண்டு மாதம் இருந்தது. பட்டையை முக்கினால் நிறமே மாறவில்லை. அத்தனை நாள் வெறும் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறோம். ஊறியதும் குடிநீரில் ஒரு தடவை அலசி, வடிகட்டியில் தண்ணீர் முழுக்க வடிய விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் மூன்று மணி நேரத்தில் கொழகொழக்கும்.

உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீர் போதும் என்று உங்கள் மாஸ்டர் சொல்வார். காலிஃபிளவரில் புழு வெளியே வர அது உதவும். கிருமிக்கு அதை நம்பாதீர்கள்.

நறுக்கும் பலகையும் கத்தியும் காய்க்குத் தனி. கோழி வெட்டும் மரக்கட்டைப் பக்கமே அது போகக் கூடாது. பச்சை நிறப் பிளாஸ்டிக் பலகை வாங்கிச் சுவரில் தனி ஆணியில் மாட்டினோம். நறுக்கிய காயை ஆழமில்லாத டப்பாவில், மூடி, நேரம் எழுதி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மதியத்துக்கு ஒரு தடவை, சாயங்காலத்துக்கு ஒரு தடவை நறுக்குகிறோம். கோஸையும் மயோனைஸையும் முன்கூட்டியே கலந்து வைப்பது கிடையாது. கலந்ததும் கோஸிலிருந்து தண்ணீர் விட்டு மயோனைஸின் புளிப்பும் உப்பும் நீர்த்துப்போகும். தயிர் வெங்காயமும் அப்படித்தான். வெங்காயம் தனி, தயிர் தனி, கேட்கும்போது கலப்பது.

6. கையுறையும் வயிற்றுப்போக்கும்

கையுறை போட்டுவிட்டால் சுத்தம் என்று நினைப்பது ஏமாற்று. அதே கையுறையில் சில்லறை வாங்கி, போனில் பணம் வந்ததா என்று பார்த்து, திரும்பக் கோஸை அள்ளுவார்கள். கல்லாவுக்கு ஓர் ஆள், காய்க்கு ஓர் ஆள். முடியாவிட்டால் இடுக்கி கொடுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் சீழ்ப் புண் இருப்பவர் காய்ப் பக்கமும் முட்டைப் பக்கமும் வரக் கூடாது. அன்றைய சம்பளத்தைப் பிடிப்பீர்கள் என்றால் அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார், அமைதியாக வந்து நறுக்குவார். நான் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறேன். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆகிறது.

7. காகிதம், செலவு, நாள்

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு அல்லது உரிமம் இல்லாமல் கடை திறக்காதீர்கள். foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது சின்னக் கடைக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஆனால் ஒரு கணினி மையத்தில் 2,500 வாங்கிக்கொண்டார்கள், மூன்று வாரம் இழுத்தார்கள். கடை முகவரியும் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முகவரியும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கட்டும், என் விண்ணப்பம் நின்றது அதில்தான். சான்றிதழைக் கல்லாவுக்கு மேல், வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

உணவு கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசி விவரத்தோடு. எங்கள் ஆறு பேருக்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. புது ஆள் சேர்ந்த வாரமே எடுத்துவிடுங்கள், சோதனையில் முதலில் கேட்பது நேற்றுச் சேர்ந்தவனுடைய சான்றுதான். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், எனக்கு 1,900 ரூபாய், எட்டு நாள். எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் சான்று ஒருவருக்காவது இருக்க வேண்டும், அரை நாள் வகுப்பு. மாஸ்டரை அனுப்புங்கள், நீங்கள் போகாதீர்கள். அடுப்பில் நிற்பது அவர்தான்.

இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு எட்டு மணிக்கு ஃபிரிட்ஜ் டிகிரி. மயோனைஸ் அரைத்த நேரம் அல்லது பாக்கெட் திறந்த நேரம், கொட்டிய நேரம். காய் ஊற வைத்த நேரம், பட்டை காட்டிய அளவு. கையெழுத்து. ஏழெட்டு வரிதான். மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் 4 டிகிரி என்று எழுதி நிரப்பாதீர்கள். ஒரே பேனா, ஒரே எண் என்றால் பார்த்தவுடன் தெரியும். எங்கள் புத்தகத்தில் ஒரு நாள் "9 டிகிரி, கதவு ரப்பர் போச்சு, காயை எடுத்துக் கொட்டியாச்சு" என்று மாஸ்டர் எழுதியிருந்தார். மறு சோதனைக்கு வந்த அலுவலர் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்துத் தலையாட்டினார்.

மேம்பாட்டு அறிவிப்பு, சட்டத்தின் 32ஆம் பிரிவு, வந்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. ஃபிரிட்ஜ், குழாய், பலகை எல்லாம் நான்கு நாளில் முடியும். தண்ணீர் அறிக்கைக்குத்தான் நாள் பிடிக்கும், அதனால் அறிவிப்பு வந்த மறுநாளே ஆய்வகத்துக்கு ஓடுங்கள்.

8. "உங்க கடையில சாப்பிட்டு வாந்தி" என்று போன் வந்தால்

வாதாடாதீர்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொந்தரவு தொடங்கியது, காய்ச்சல் இருக்கிறதா, கூடச் சாப்பிட்டவர்களுக்கு எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு பேதி, நிற்காத வாந்தி, குழந்தைக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம் ஒரு தடயம். சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கையிலிருந்து வந்த கிருமி, வெளியில் கிடந்த உணவில் விட்ட நஞ்சு. ஆறு மணியிலிருந்து மூன்று நாள் வரைக்குள் காய்ச்சலோடு பேதி என்றால் சால்மோனெல்லா மாதிரி. இதை வைத்து அவரிடம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உங்கள் சமையலறையில் எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அன்றைய மயோனைஸ், காய் மிச்சம் இருந்தால் பயத்தில் கொட்டிவிடாதீர்கள். விற்பதை நிறுத்துங்கள், மூடி, "விற்பனைக்கு இல்லை" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஓரமாக வையுங்கள். நாங்கள் தினமும் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் 100 கிராம் எடுத்துத் தேதி போட்டு மூன்று நாள் வைக்கிறோம். அலுவலர் மாதிரி எடுத்தால் நான்கு பகுதியாகப் பிரிப்பார். ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, எழுத்தில் கேளுங்கள். அவர் எடுத்த மாதிரிக்கு விலை கொடுத்து ரசீது வாங்குவார், அதில் மாதிரியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எங்கள் ரசீதில் "மயோனைஸ்" என்று மட்டும்தான் இருந்தது. "பால் மயோனைஸ், முட்டை சேர்க்காதது, அரைத்தது 5.20" என்று சேர்த்து எழுதச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன், எழுதிக்கொடுத்தார்.